கடை திறப்பு விளம்பரத்துக்கு ரேட் வேணும் - ஒட்டன்சத்திரம், ஜனவரி 30 வெள்ளி

விளம்பரப் பிரிவு சாருக்கு வணக்கம்ங்க,

எங்க ஊர் பேப்பர் ஏஜென்ட் அண்ணன்தான் இந்த மெயில் ஐடி குடுத்தாரு. போன்ல கேட்டா ஆளுக்கொரு ரேட் சொல்வாங்க தம்பி, எழுத்துல கேட்டு எழுத்துலயே வாங்கிருன்னாரு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

என் பேரு செந்தில்குமார். ஒட்டன்சத்திரத்துல எங்கப்பா முப்பது வருசமா பஸ் ஸ்டாண்டு பக்கத்து சந்துல பாத்திரக்கடை வெச்சிருக்காரு, பத்துக்குப் பன்னெண்டு கடை, அண்டா வாங்க வர்றவங்க ரோட்டுல நின்னுதான் தட்டிப் பாக்கணும். இப்ப பழனி ரோட்டுல கீழயும் மேலயும் சேத்து ரெண்டு தளமா புதுக்கடை எடுத்திருக்கோம். கீழ எவர்சில்வர், பித்தளை, செம்பு, குக்கர், கிரைண்டர், மாடி முழுக்க கல்யாண சீர்வரிசை பாத்திரம் மட்டும். திறப்பு ஜனவரி 30, 2026 வெள்ளிக்கிழமை, தை 16, காலைல 9ல இருந்து 10.15க்குள்ள (10.30க்கு ராகுகாலம் ஆரம்பிச்சுரும்ங்கறதால அந்த நேரத்துல எந்த மாத்தமும் கிடையாது, அம்மா ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க).

மொத்தம் நாலு விளம்பரம் யோசிச்சு வெச்சிருக்கோம். உங்க பேப்பரையே விரிச்சு வெச்சு கடையில துணி அளக்கற மாதிரி ஸ்கேல்ல அளந்துதான் சைஸ் எழுதறேன், அரை செ.மீ. முன்னப்பின்ன இருந்தா உங்க அளவுக்கு மாத்திக்கங்க.

முதல்ல ஜனவரி 25 ஞாயித்துக்கிழமை, 16 செ.மீ. அகலம் 25 செ.மீ. உயரம், கலர், கால் பக்கம். இதுதான் மெயின் விளம்பரம். உள் பக்கம் போதும் ஆனா மாவட்டச் செய்தி வர்ற பக்கமா இருக்கணும், சினிமா பக்கத்துலயோ ஷேர் மார்க்கெட் பக்கத்துலயோ போட்டா எங்க பக்கத்து ஆளுங்க கண்ணுல படாது. ரெண்டாவது ஜனவரி 29 வியாழன், 8 செ.மீ. அகலம் 10 செ.மீ. உயரம், கருப்பு வெள்ளை, "நாளை திறப்பு விழா"ன்னு சின்னதா ஒரு ஞாபகப்படுத்தல். மூணாவது திறப்பு அன்னைக்கு ஜனவரி 30, முதல் பக்கத்துல அடியில பட்டையா முழு அகலத்துக்கு, நான் அளந்தவரைக்கும் 33க்கு 5, கலர். முதல் பக்கம் ரேட் எங்க சக்திக்கு மேல போச்சுன்னா அதே பட்டை கடைசிப் பக்கத்துல என்ன ஆகும்னும் சேத்து சொல்லிருங்க. நாலாவது பிப்ரவரி 1 ஞாயிறு, தைப்பூசம் அன்னைக்கு. இது முடிவு பண்ணல. தம்பி போடணும்ங்கறான், பழனிக்கு நடந்து போற கூட்டம் பூரா நம்ம கடை வாசல் வழியாத்தான் போகுதுங்கறான். எனக்கென்னமோ காவடி எடுத்துட்டு நடக்கறவன் அண்டாவையா தூக்கிட்டுப் போவான்னு தோணுது, ஆனாலும் 16க்கு 12 சைஸ்ல ரேட் என்னன்னு தெரிஞ்சா வீட்டுல அந்தப் பேச்சு முடியும்.

அப்பாவுக்கு முதல் விளம்பரமே அரைப்பக்கமா வரணும்னு ஆசை. கால் பக்கத்துக்கும் அரைப்பக்கத்துக்கும் ரெண்டு ரேட்டையும் எழுதிருங்க, ரேட்டைப் பாத்தா அவரே கால் பக்கத்துக்கு வந்துருவாரு.

இப்ப எடிஷன் விஷயம், எனக்கு பெரிய குழப்பமே இதுலதான். ஒட்டன்சத்திரத்துக்கு திண்டுக்கல் பதிப்பு வருதுங்கறது தெரியும், தெனம் படிக்கறோம். ஆனா எங்க வியாபாரத்துல பாதி வடக்குப் பக்கம்தாங்க, கள்ளிமந்தையம், அதுக்கும் அந்தப்பக்கம் தாராபுரம், மூலனூர் வரைக்கும் இருந்து சீர் பாத்திரம் எடுக்க வர்றாங்க. தாராபுரம் திருப்பூர் மாவட்டம்ங்கறதால அங்க வேற பதிப்பு போகும்னு நினைக்கறேன். அப்படின்னா திண்டுக்கல் பதிப்புல மட்டும் போட்டா பாதி கஸ்டமருக்கு தெரியாமயே போயிரும். இந்தப்பக்கம் வேடசந்தூர், நத்தம்லாம் எங்களுக்கு தேவையே இல்ல, அங்க இருக்கறவங்க திண்டுக்கல்லயே வாங்கிக்குவாங்க, ஆனா அதுக்கும் சேத்துத்தான் காசு குடுக்கணும், அது புரியுது. கேள்வி என்னன்னா, தாராபுரத்துக்கு போற பதிப்புல அந்த ஏரியாவுக்கு மட்டும் தனியா போட வழி இருக்கா, இல்ல அந்த பதிப்பு முழுசுக்கும் எடுத்தாகணுமா? ரெண்டு பதிப்பு சேத்து எடுத்தா காம்போ ரேட் ஏதும் குடுப்பீங்களா? பழனிக்கு எந்த பதிப்பு, எங்க ஊர் பண்டலும் பழனி பண்டலும் ஒண்ணா வருதா, இதையும் ஒரு வரி எழுதிருங்க.

இவ்வளவு நோண்டிக் கேக்கறதுக்கு காரணம் இருக்குங்க. ரெண்டு வருசம் முன்னாடி எங்க மச்சான் ஒரு கடை திறந்தப்ப வேற ஒரு பேப்பர்ல (பேரு வேண்டாம்) குடுத்தோம். வாயில சொன்னது 28,000, பில்லு வந்தது 41,000 சொச்சம். என்னன்னு கேட்டா அவங்க சொன்னது கருப்பு வெள்ளை ரேட்டாம், கலருக்கு தனி, கேட்ட பக்கத்துல போட்டதுக்கு தனி, டிசைன் பண்ணதுக்கு தனி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. சரி தொலையுதுன்னு காலைல பேப்பர் வாங்கிப் பாத்தா எங்க ஊர் பேப்பர்ல விளம்பரமே இல்ல, மதுரை டவுனுக்குப் போன பேப்பர்ல மட்டும் வந்திருக்கு. அதுலயும் "திறப்பு விழா"ல கடைசி கால் விழுந்து "திறப்பு விழ"ன்னு அச்சாயிருந்துச்சு. மச்சானுக்கு இன்னும் அது சொல்லிக் காட்டற கதை ஆயிருச்சு, வீட்டுல எந்த விசேஷம்னாலும் யாராவது ஒருத்தர் "விழ"ன்னு ஆரம்பிச்சுருவாங்க.

அதனால ரேட் குடுக்கும்போது இந்த மாதிரி பிரிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். சதுர செ.மீ. கணக்கா இல்ல காலம் செ.மீ. கணக்கா, அதுக்கு அடிப்படை ரேட் எவ்வளவு, கலருக்கு எவ்வளவு கூடுது, முதல் பக்கத்துக்கு எவ்வளவு கூடுது, ஞாயித்துக்கிழமைக்கு தனி ரேட் இருக்கா, கடைசியா ஜிஎஸ்டி 5% சேத்து கையில இருந்து போற தொகை எவ்வளவு. சும்மா ஒரு கணக்குக்கு சதுர செ.மீ.க்கு 100 ரூபான்னு வெச்சா 16க்கு 25க்கு 400, அப்ப 40,000, ஜிஎஸ்டி 2,000, ஆக 42,000, இந்த மாதிரி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கடைசி தொகை தெரிஞ்சா போதும். எங்க பட்ஜெட்டை மறைக்கல, முதல் மூணு விளம்பரமும் எல்லா வரியும் சேத்து 75,000க்குள்ள முடியணும். முடியாதுன்னா எதைக் குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க, தெனம் பாக்கறவங்க உங்களுக்குத் தெரியும். நேரா உங்ககிட்ட குடுத்தா ஒரு ரேட், ஏஜென்சி வழியா வந்தா ஒரு ரேட்டா? திண்டுக்கல்ல ஒரு ஏஜென்சிக்காரர் எங்க வழியா வாங்க, டிசைன் ஃப்ரீங்கறாரு, அவருக்கு கமிஷன் உங்க பக்கத்துல இருந்து போகுதா இல்ல எங்க தலையில விழுதான்னு தெரியல.

இன்னொண்ணு, வாழ்த்து விளம்பரம். கடை கட்டின இன்ஜினியர், டைல்ஸ் போட்டவர், எலக்ட்ரிக்கல் வேலை பாத்தவர், கும்பகோணத்துல இருந்து பித்தளை அனுப்பற மொத்த வியாபாரி, இவங்க நாலு பேரும் "புதுக்கடை சிறக்க வாழ்த்துகிறோம்"னு சின்ன கட்டம் போட சம்மதிச்சிருக்காங்க, அவங்கவங்க காசுல. எங்க கால் பக்கத்தை சுத்தி அவங்க கட்டம் வர்ற மாதிரி ஒரே பக்கத்துல அமைச்சுத் தருவீங்களா? நாலு பேருக்கும் தனித்தனி பில் வேணும், அவங்கவங்க ஜிஎஸ்டி நம்பர்ல. அப்படி சேத்துக் குடுத்தா எங்க ரேட்டுல ஏதாவது குறையுமா? மறுநாள் 31ஆம் தேதி திறப்பு விழா போட்டோவோட சின்ன செய்தி வரும்னு சொல்றாங்க, அது விளம்பரம் குடுத்தா தானா வர்றதா, அதுக்கும் காசான்னு ஓபனா சொல்லிருங்க, தப்பா எடுத்துக்க மாட்டோம்.

விளம்பரத்துல வர வேண்டிய மேட்டர் ரெடி. குத்துவிளக்கு ஏத்தறவர், முதல் விற்பனையைத் தொடங்கி வைக்கறவர் பேரும் போட்டோவும் இருக்கு. போட்டோ மட்டும் இன்னும் பஞ்சாயத்துல இருக்கு, பெரிய மாமா போட்டோ போட்டா சின்ன மாமா போட்டோவும் அதே சைஸ்ல போடணும்ங்கறாங்க அம்மா. டிசைன் எங்க ஊர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கற தம்பி பண்றான், எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கி பிடிஎஃப்பா அனுப்பினா போதுமா, இல்ல வேற ஃபார்மட் வேணுமா, சிஎம்ஒய்கேல தரணுமா, எத்தனை டிபிஐ? எது எப்படியோ, அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாள் ப்ரூஃப் ஒண்ணு வாட்ஸ்அப்ல வந்தே ஆகணும், அப்பா கண்ணாடி போட்டு ஒவ்வொரு கால், கொம்பா பாத்து ஓகே சொன்னதுக்கு அப்புறம்தான் போகணும். எங்க ஓகேக்கு அப்புறம் எங்க தப்பு இருந்தா எங்க பொறுப்பு, உங்க பக்கம் தப்பாகி போன் நம்பரோ தேதியோ மாறிப்போச்சுன்னா மறுநாளே திரும்ப போட்டுத் தருவீங்களான்னு மட்டும் எழுத்துல வேணும்.

நேரம் கம்மியா இருக்குங்க. இன்னைக்கு 8ஆம் தேதி, 15ல இருந்து பொங்கல் லீவு ஆரம்பிச்சுரும், ஆபீஸ்ல ஆள் இருப்பாங்களான்னு தெரியாது. 12ஆம் தேதி திங்கக்கிழமைக்குள்ள ரேட் வந்துட்டா 13ஆம் தேதியே அட்வான்ஸ் போட்டு இடத்தை புக் பண்ணிருவோம். மீதிப் பணம் எப்ப, செக்கா ஆன்லைனா? 25ஆம் தேதி விளம்பரத்துக்கு மேட்டர் கடைசியா எந்த நாள், எத்தனை மணிக்குள்ள வரணும்? 26 குடியரசு தினம், 27ஆம் தேதி பேப்பர் வருமா வராதா, வராட்டியும் 29ஆம் தேதி விளம்பரத்தை 28க்கு மாத்தற யோசனையே வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஒருவேளை வீட்டுல ஏதாவது ஆகி திறப்பு தள்ளிப்போச்சுன்னா (ஆகக்கூடாது, கேட்டு வெச்சுக்கறேன்) எத்தனை நாள் முன்னாடி சொன்னா பணம் பிடிக்காம தேதி மாத்தித் தருவீங்க?

பேப்பருக்குள்ள நோட்டீஸ் வெச்சுப் போடறதை ஏஜென்ட் அண்ணன்கிட்டயே பேசிட்டேன், அது உங்க கணக்குல வராதுன்னாரு, அதை விட்டுருங்க.

பதில் இந்த மெயில்லயே போட்டுருங்க. போன் பண்றதா இருந்தா ஏஜென்ட் அண்ணன்கிட்ட என் நம்பர் இருக்கு, காலைல 9ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் எடுப்பேன். மத்தியானம் 2ல இருந்து 3க்குள்ள மட்டும் அப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாரு, கடையில நான் ஒரு ஆளுதான், பாத்திரத்துல பேரு வெட்டிட்டு இருந்தா அந்த மிஷின் சத்தத்துல ரிங் கேக்காது, அரைமணி கழிச்சு நானே திரும்பக் கூப்பிடறேன்.

நன்றிங்க,
செந்தில்குமார்
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்
8.1.2026