உடல் பரிசோதனை நாட்காட்டி: பாம்பன் விசைப்படகுக் குடும்பங்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் நிற்கும். முக்கியமானவற்றை அதற்குள் வைத்திருக்கிறோம்.

ஜனவரி, பொங்கல் கழிந்து: பல். எல்லா வயதினரும். புகையிலை போடுபவர்கள் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி இரண்டையும் காட்டுங்கள். ஆறாத புண், வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஜனவரி வரை காத்திருக்காதீர்கள்.

ஏப்ரல் கடைசி வாரம்: ரத்தம்.
18–29 வயது: ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் தவறவிட வேண்டாம்.
30–39: மேற்கண்டவற்றோடு சர்க்கரை.
40க்கு மேல்: கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீரும் சேரும்.
முந்தின இரவு சாப்பிட்டபின் 10 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது, சர்க்கரை போடாத டீயும்தான்!
சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஜூலை, அக்டோபரிலும் ரத்தப் பரிசோதனை உண்டு.

மே: இதயம். ஏப்ரல் ரிப்போர்ட்டோடு போங்கள். 40 தாண்டி, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருந்தால் ஈசிஜி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எக்கோ எல்லோருக்கும் வேண்டியதில்லை. அழுத்தம் கூடுதல் என்றால் கருவாடும் ஊறுகாயும் குறைய வேண்டும், வேறு வழியில்லை.

ஆகஸ்ட்: கண். வெயிலிலும் உப்புக்காற்றிலும் வேலை செய்பவர்களுக்கு வெள்ளை விழியில் சதை வளரலாம். அது கருவிழியை நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 40 வயதில் கண் அழுத்தம், 60க்கு மேல் புரையும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரை.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடக்கை வலி வந்தால் நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.