கிராவிட்டிப் பணம்

2009 ஜூன் மாதம் ஆச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்தது. எஸ்டேட்டில் அதோடு வேலை முடிந்தது என்று அர்த்தம். நான் அப்போது ஏழாம் வகுப்பு.

வால்பாறையில் ஜூன் மாதம் என்றால் மழைதான். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய பாடியில், எங்கள் வீட்டின் தகரக் கூரையில் அது விழ ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் வார்த்தைகூட பாதிதான் காதுக்கு வரும். துணி எல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கும், புகை வாசனையோடுதான் பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அப்படி ஒரு ராத்திரி, ஆச்சியும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து காசு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். மழைக்கு நடுவே ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கிராவிட்டி.

எனக்கு அந்த வார்த்தை புதிது இல்லை. அந்த வாரம்தான் எங்கள் சார் ஒரு சாக்பீஸை மேலே எறிந்து பிடித்து, "இது ஏன் கீழே வருது? புவியீர்ப்பு விசை. இங்கிலீஷில் கிராவிட்டி" என்று சொல்லியிருந்தார். பூமி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறதாம். மேலே ஏறுகிறவன் அந்த இழுப்பை எதிர்த்துத்தான் ஏற வேண்டுமாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஆச்சி வேலை செய்த இடம் சமதளம் கிடையாது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, சரிவில் ஏறி, தனக்குக் கொடுத்த நிரையில் நின்று கொழுந்து எடுத்து, ஈரக் கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு எடை போடுகிற இடத்துக்கு வர வேண்டும். மறுபடி ஏற வேண்டும். முப்பத்தாறு வருஷம் அப்படி பூமியை எதிர்த்து ஏறியிருக்கிறாள். அதற்கு எஸ்டேட்டில் தனியாகக் காசு கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நல்ல ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஆச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்து காலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆச்சி, உனக்குக் கிராவிட்டிப் பணம் எவ்வளவு வரும்?"

"என்னது?"

"கிராவிட்டிப் பணம். நீ மேட்டுல மூட்டை சுமந்ததுக்குக் குடுப்பாங்கல்ல, அது."

சார் சொன்னது, சாக்பீஸ், பூமி இழுப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி சுண்ணாம்பு விரலைத் தூக்கிப் பிடித்தபடி முழுதாகக் கேட்டாள். சிரிக்கவில்லை. அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. ஆச்சி அந்தப் பக்கம் திரும்பி, "சிரிக்காத. புள்ள நல்லாத்தான் யோசிச்சிருக்கு" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, அது கிராவிட்டி இல்ல. கிராஜுவிட்டி. நடுவுல ஒரு எழுத்தை முழுங்கிட்ட. எங்க, சொல்லு."

"கிராஜிட்டி."

"இல்ல. இங்க பாரு."

இடது கையை விரித்தாள். கொழுந்து எடுக்கிறவர்கள் கையைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தோல் வெடித்து, அந்த வெடிப்புக்குள் தேயிலைக் கறை கருப்பாக இறங்கியிருக்கும். என்ன சோப்புப் போட்டாலும் போகாது. கையால் எடுத்த காலத்துத் தழும்பு போதாதென்று, கொழுந்து வெட்டுகிற கத்தரி வந்த பிறகு அதைப் பிடித்த காய்ப்பும் உள்ளங்கையில் சேர்ந்துகொண்டது. ஆட்காட்டி விரலின் கணுக்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"கி. ரா. ஜு." அடுத்த விரலுக்குத் தாவினாள். "விட்டி. மூணாவது கணு விட்டுப் போகக் கூடாது. அதுலதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க."

நான் என் விரலில் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். நாலு தடவை சொல்ல வைத்தாள். ஐந்தாவது தடவை வேகமாகச் சொல்லச் சொன்னாள்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவாள், அதையும் படம் வரைகிற மாதிரி மெதுவாக. அப்படிப்பட்டவள் ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் ஒரு எழுத்துக்கு இவ்வளவு பாடுபடுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"உங்க தாத்தா செத்துப் போனப்ப நான் ஆபீசுக்குப் போனேன்" என்றாள். "வேலையில இருக்கும்போது செத்தா அந்தப் பணம் வீட்டு ஆளுக்கு வரும்னு சொன்னாங்க. எனக்கு வாயில வரல. கிராச்சுட்டின்னு கேட்டேன். அங்க இருந்தவரு, அப்படி ஒண்ணு இல்லையேம்மான்னாரு. மறுவாரம் போனேன். கிராட்டின்னு சொன்னேன். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரிச்சாரு. ரேஷன் கடைக்குப் போய்க் கேளுன்னாரு. நான் என்ன கேக்கேன்னு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். வார்த்தை தப்பா இருக்கிற வரைக்கும் அவங்களுக்கு வேலை மிச்சம்."

"அப்புறம்?"

"யூனியன்காரரு ஒருத்தரு வந்தாரு. ரோட்டோரத்துல, குடைக்குள்ள நின்னு, இப்ப நான் உனக்குச் சொன்ன மாதிரிதான் விரல்ல வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. எடை போடுத இடத்துலயும் சொல்லிப் பாத்தேன், நிரையில நிக்கும்போதும் சொல்லிப் பாத்தேன். மூணாவது வாரம் போய், வாசல்ல நின்னு, கிராஜுவிட்டி வாங்க வந்திருக்கேன்னேன். பேப்பரை எடுத்துட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். காலை நீட்டி அட்டைக் கடியைத் தடவிக்கொண்டாள். எனக்கு அந்த ஆபீஸ்காரர்கள் மேல் வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை.

யூனியன் கொடுத்த துண்டு நோட்டீஸ் ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி இருந்தது. நான் எடுத்துப் படித்தேன். அதில் அந்த இங்கிலீஷ் வார்த்தை இல்லை. 'பணிக்கொடை' என்று இருந்தது. 1972ஆம் வருஷச் சட்டம் என்றும், ஒரு வருஷ வேலைக்குப் பதினைந்து நாள் கூலி என்றும், முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் போட்டிருந்தது.

"ஆச்சி, தமிழ்ல இதுக்குப் பணிக்கொடைன்னு பேரு. நீ அப்படியே கேட்டிருக்கலாம்ல?"

ஆச்சிக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலை ஏறி வந்தவர். அந்தப் பக்கத்தில் கொடை என்றால் கோயில் கொடைதான்.

"கொடை அம்மனுக்குக் குடுக்கது. மனசு இருந்தாக் குடுப்பாங்க, இல்லேன்னா அடுத்த வருசம்னு சொல்லுவாங்க. இது அப்படியா? நான் வேலை பாத்ததுக்குக் கூலி. பாதியை அப்பவே குடுத்துட்டாங்க, மீதியைக் கையில வச்சிருக்காங்க. அதைத்தான் கேக்கேன்."

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். முப்பத்தாறைப் பதினைந்தால் பெருக்கினால் 540. ஐந்நூற்று நாற்பது நாள் கூலி. சத்தமாகச் சொன்னேன். ஆச்சி தலையாட்டவில்லை.

"ஆபீசுல முப்பத்து மூணு வருசம்தான்னு சொல்லுதாங்க."

முதல் மூன்று வருஷம் தற்காலிகமாம். பேர் பதிந்ததே 1976-ல்தானாம். மறுபடி போட்டேன். 495. நாற்பத்தைந்து நாள் குறைகிறது.

ஆச்சி எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். பூச்சி வராமல் இருக்க உள்ளே காய்ந்த வேப்பிலை. அதற்கடியில் பிளாஸ்டிக் கவரில் சம்பளச் சீட்டுகள், நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அடியில் இருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள். மடிப்பில் கிழிந்து, பழுப்பேறி, மை மங்கிப் போயிருந்தது.

"இதுல வருசம் என்ன போட்டிருக்குன்னு படி."

மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் ஓடியது. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். செக்ரோல் நம்பர் 214. மாதம், நவம்பர். வருஷம் 1973.

"எழுபத்து மூணு, ஆச்சி."

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மாசம்தான் எனக்குக் காது குத்தின கம்மலை அடகுலருந்து மீட்டேன். இருந்தாலும் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

சனிக்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆச்சி வெள்ளை ரவிக்கையும் பொங்கலுக்கு எடுத்த சேலையும் கட்டியிருந்தாள். படிக்கு வெளியே செருப்பை விட்டாள். நானும் விட்டேன். தரை ஐஸ் மாதிரி இருந்தது. ஆச்சி பேசுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளில் கையை வைத்து லேசாக முன்னால் தள்ளினாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிரவில்லை. "என்ன?"

என் கை பாவாடைக்குப் பக்கத்தில் தானாக விரல் கணுவைத் தொட்டது. கி. ரா. ஜு.

"ஆச்சியோட கிராஜுவிட்டிக் கணக்குல மூணு வருசம் விட்டுப் போச்சு, சார். 1973 சீட்டு கொண்டு வந்திருக்கோம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து, பின்னால் இருந்த அலமாரியில் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தை இறக்கினார். தூசி பறந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இசக்கியம்மாளா?"

"ஆமா, ஐயா."

"இருக்கு" என்றார். "செராக்ஸ் எடுத்து ஒண்ணு குடுங்க. திருத்தி அனுப்புறேன்."

ஆச்சி உடனே நகரவில்லை. "இன்னைக்குத் தேதி போட்டு, வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, ஐயா" என்றாள். போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் நின்று இரண்டு பஜ்ஜி வாங்கி இரண்டையும் என்னிடமே கொடுத்தாள்.

பாடிக்கு இறங்குகிற பாதை மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. எனக்கு நடக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பஜ்ஜியைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஓட ஆரம்பித்தேன்.

"ஏட்டி, மெதுவாப் போ!" பின்னாலிருந்து ஆச்சி கத்தினாள். "கிராவிட்டி இழுத்துறப் போவுது!"