நான்கு குழுக்களின் பன்னிரண்டு மணி நேரச் சுழற்சி: ஷிப்டு பணியாளர்களுக்கான சுற்றறிக்கை

ஜூரோங் தீவு, 2 பிப்ரவரி 2026
பெறுநர்: கொதிகலன், குளிர்நீர், கழிவுநீர்ப் பகுதிகளின் ஷிப்டு பணியாளர்கள் அனைவரும்

அன்புடையீர்,

வரும் மார்ச் 2, திங்கட்கிழமை காலை முதல், இப்போதுள்ள மூன்று குழு, எட்டு மணி நேர ஷிப்டு முறை நிறுத்தப்பட்டு, நான்கு குழுக்கள் பன்னிரண்டு மணி நேரம் வீதம் மாறி மாறிப் பணியாற்றும் புதிய முறை நடைமுறைக்கு வருகிறது. வாரம் ஆறு நாள் வேலை செய்து, ஏழாம் நாளைத் தூங்கியே கழித்துவிட்டு, மறுநாள் வேறொரு ஷிப்டுக்கு உடலைப் பழக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் பலமுறை கூறியதே இந்த மாற்றத்துக்கு முதற்காரணம்.

ஒவ்வொரு குழுவும் இரண்டு பகல், இரண்டு இரவு பணியாற்றி, அதன்பின் தொடர்ந்து நான்கு நாள் ஓய்வு பெறும். எட்டு நாளில் ஒரு சுற்று முடிகிறது. மார்ச் 2 முதல் 9 வரையிலான முதல் சுற்று பின்வருமாறு அமையும். அதன்பின் இதே வரிசை திரும்பத் திரும்ப வரும்.

| மார்ச் | பகல் | இரவு | ஓய்வு |
|---|---|---|---|
| 2, 3 | அ | ஈ | ஆ, இ |
| 4, 5 | ஆ | அ | இ, ஈ |
| 6, 7 | இ | ஆ | ஈ, அ |
| 8, 9 | ஈ | இ | அ, ஆ |

ஈ குழு இரவுப் பணியிலேயே தொடங்குவதால், அக்குழுவினர் அனைவருக்கும் மார்ச் 1, ஞாயிறு முழுநாளும் விடுப்பு அளிக்கப்பட்டுள்ளது. அன்று அவர்கள் எவரும் மிகைநேர வேலைக்கு அழைக்கப்படமாட்டார்கள்.

பகல் ஷிப்டு காலை 6.45 முதல் மாலை 7.00 வரையும், இரவு ஷிப்டு மாலை 6.45 முதல் மறுநாள் காலை 7.00 வரையும் நடைபெறும். இரு குழுக்களும் ஒன்றாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம் பொறுப்பை ஒப்படைப்பதற்கானது. லாக் புத்தகத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுவதற்கானது அன்று. எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்தப் பம்பு பழுதுபார்ப்பில் இருக்கிறது, எந்தப் பெர்மிட் இன்னும் முடிக்கப்படவில்லை என்பதை நேரில் சொல்லி, கேட்டவர் புரிந்துகொண்டதை உறுதிசெய்த பின்னரே பணியிடத்தை விட்டு நீங்க வேண்டும். உணவுக்கு 45 நிமிடமும், தேநீருக்கு இருமுறை 15 நிமிடமும் இடைவேளை உண்டு. இவற்றைக் கழித்தால் ஒரு ஷிப்டின் வேலை நேரம் 11 மணி.

இந்தப் பதினொரு மணிக் கணக்கு நாங்கள் விருப்பம்போல் வகுத்ததல்ல. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்படி, ஷிப்டு பணியாளரின் வேலை நேரம் ஒரு நாளில் 12 மணியைத் தாண்டக்கூடாது; தொடர்ச்சியான எந்த மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டாலும் வாரச் சராசரி 44 மணிக்கு மேற்படக்கூடாது. நமது சுழற்சியில் எந்த 21 நாளிலும் அதிகபட்சம் 12 ஷிப்டுகளே வரும்; அதாவது 132 மணி, வாரத்துக்குச் சரியாக 44. நீண்ட காலச் சராசரி இதைவிடக் குறைந்து, வாரத்துக்கு 38.5 மணியாகிறது.

ஒரே தொகுப்பாக ஏழு நாள் ஓய்வு தரும் டூபாண்ட் முறையைக் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்டிருந்தனர். அதை ஆராய்ந்தோம். அம்முறையில் 28 நாளுக்குரிய 14 ஷிப்டுகளும் முதல் 21 நாளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், அந்த மூன்று வாரங்களின் சராசரி 51 மணியைத் தாண்டுகிறது. சட்டம் அதை அனுமதிக்காது. மேலும், அதில் தொடர்ந்து நான்கு இரவுகள் விழித்திருக்க வேண்டும். கொதிகலன் அருகே நிற்பவர்களிடம் அதைக் கேட்பது முறையன்று என்றே கருதுகிறேன். நமது முறையில் தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் எவருக்கும் வராது. கடைசி இரவு முடிந்தபின் அடுத்த பகல் ஷிப்டு வரை 96 மணிக்குக் கால் மணி மட்டுமே குறைவாக ஓய்வு கிடைக்கும்.

அதைவிட நீண்ட ஓய்வு வேண்டுவோர், குறிப்பாக ஊருக்குச் சென்றுவர விரும்புவோர், ஒரு சுற்றின் நான்கு ஷிப்டுகளுக்கு விடுப்பு எடுத்தால், முன்னும் பின்னும் உள்ள ஓய்வு நாட்களுடன் சேர்ந்து தொடர்ச்சியாகப் பன்னிரண்டு நாள் கிடைக்கும். விடுப்பு இனி மணிக்கணக்கில் கழிக்கப்படும். நான்கு ஷிப்டு என்பது 44 மணி, பழைய கணக்கில் ஐந்தரை நாள். ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் ஒரே சுற்றில் இருவருக்கு மேல் இத்தகைய விடுப்பு தர இயலாது. கட்டுப்பாட்டு அறையைக் கவனிக்கும் இருவரும் ஒரே நேரத்தில் விடுப்பில் செல்லவும் இயலாது. ஆகவே எட்டு வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

ஊதியத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளம் குறையாது. ஆனால் பழைய முறையில் பலருக்கு வழக்கமாகக் கிடைத்துவந்த மிகைநேர வருமானம் குறையும். இரவுப் படி 15 வெள்ளியிலிருந்து 25 வெள்ளியாக உயர்த்தப்படுகிறது. எனினும் அது இழப்பை எல்லாருக்கும் முழுமையாக ஈடுசெய்யாது. கடன் கட்டிக்கொண்டும் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டும் இருப்பவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல என்பதை அறிவேன். கடந்த ஆறு மாதச் சம்பளத்தைப் புதிய முறையின்படி கணக்கிட்ட தாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரப்படும். அதைப் பார்த்த பின் முடிவெடுங்கள்.

மாற்று ஆள் வரவில்லையெனில், பணியில் இருப்பவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்கக்கூடாது. பன்னிரண்டு மணி வரம்பு அங்கே முடிந்துவிடுகிறது. இதற்காக ஒவ்வொரு பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே காத்திருப்புப் பணியாளர்கள் ஓய்வுக் குழுக்களிலிருந்து முன்கூட்டியே நியமிக்கப்பட்டு, காத்திருப்புப் படியும் பெறுவர். இரவுப் பணி முடிந்த முதல் 24 மணி நேரத்தில் எவரையும் அழைக்கக்கூடாது. மறுநாள் பகல் ஷிப்டுக்கு வரவேண்டியவரை முந்தைய இரவுக்கு அழைக்கக்கூடாது. மேற்பார்வையாளர்கள் இதை வேண்டுகோளாக அன்றி உத்தரவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதிகாலை 3 முதல் 5 மணி வரை மனிதரின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் அவசரப் பழுதைத் தவிர, உயரத்தில் ஏறுவதற்கோ தொட்டிக்குள் இறங்குவதற்கோ பெர்மிட் வழங்கப்படமாட்டாது. விடுதிப் பேருந்து காலையும் மாலையும் 5.45க்குப் புறப்படும், ஷிப்டு முடிந்து 7.15க்குத் திரும்பும். இரவுப் பணியாளர்கள் பகலில் உறங்குவதற்கெனத் திரையிட்ட தனி அறைகளை விடுதி நிர்வாகம் ஒதுக்கியுள்ளது.

எட்டு நாள் சுற்று ஏழு நாள் வாரத்தோடு பொருந்தாததால், உங்கள் ஓய்வு நாட்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிழமை தள்ளிச் செல்லும். 56 நாளில் பழைய இடத்துக்கே வரும். பொது விடுமுறைகளும் அப்படியே அமையும். இம்முறை நீடித்தால், நவம்பர் 8, தீபாவளியன்று ஆ குழுவுக்குப் பகலும் அ குழுவுக்கு இரவும் வரும். ஷிப்டை மாற்றிக்கொள்ள விரும்புவோர், ஒரே வேலைத் தகுதி உள்ளவருடன் இப்போதே பேசிவைத்துக்கொள்ளலாம்.

இது 24 வாரச் சோதனை முறை. ஆகஸ்ட் 16 அன்று முடியும். அதன்பின் தொடர்வதா என்பது உங்கள் வாக்கெடுப்பின்படி தீர்மானிக்கப்படும். பிப்ரவரி 9, 10 ஆகிய நாட்களில், ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும், சட்டப் பிரிவுகளும் வேலை நேரங்களும் தமிழில் விளக்கப்படும். அந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு. விளக்கத்தைக் கேட்காமல் எவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். படிவத்தைப் பிப்ரவரி 20க்குள் அலுவலகத்தில் சேர்க்கவும். ஒப்புதல் தர விரும்பாதவர்களுக்கு, அதே அடிப்படைச் சம்பளத்தில், பராமரிப்புப் பிரிவில் எட்டு மணி நேரப் பகல் வேலை வழங்கப்படும்.

இங்ஙனம்,
ஆலை மேலாளர்

நகல்: நான்கு குழுக்களின் மேற்பார்வையாளர்கள், மனிதவளப் பிரிவு, விடுதி நிர்வாகம்