சொத்து வரிப் பதிவில் கட்டட அளவையும் நிலுவையையும் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
சு. வளர்மதி,
க/பெ. சுந்தரம் (காலம் சென்றவர்),
கதவு எண் 23 (பழைய எண் 14),
பிள்ளையார் கோவில் தெரு, வார்டு 9.

பெறுநர்:
நகராட்சி ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

நாள்: 08.07.2024

பொருள்: வரிவிதிப்பு எண் 018/009/00743 – கட்டட அளவு 860 சதுர அடி என்பது 1,860 என்று பதிவாகியுள்ளது – கட்டிய வரி நிலுவையாகக் காட்டப்படுகிறது – திருத்தம் கோருதல்.

ஐயா,

வணக்கம். மேலே கண்ட வீடு என் கணவர் 2009-ல் எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது. அன்று முதல் வரி என் பெயரில்தான் வருகிறது. ஒரு அரையாண்டுகூட விடாமல் கட்டி, ரசீதுகளை ஒரு பைலில் போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டில் கீழ்த்தளம் 610 சதுர அடி, மாடியில் ஒரே அறை 250 சதுர அடி. மொத்தம் 860. அனுமதி பெற்ற வரைபடத்திலும் இதே அளவுதான். வரைபடம் போட்ட பிறகு ஒரு செங்கல்கூட கூடுதலாக வைக்கவில்லை. மனையே 1,090 சதுர அடிதான். அதில் கிணறும், தையல் மெஷின் போட்டிருக்கும் தகரக் கொட்டகையும் போகத்தான் வீடு. ஆனால் கணினிப் பதிவில் 1,860 சதுர அடி என்று இருக்கிறது. முன்னால் ஒரு '1' கூடுதலாக விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஓர் எண்ணால் என் வரியே மாறிவிட்டது. 2022 ஏப்ரல் சீராய்வில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதமும், 1,800-க்கு மேல் 100 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அதுவரை அரையாண்டுக்கு நான் கட்டியது ரூ.648. சரியான அளவுப்படி ரூ.972 ஆகியிருக்க வேண்டும். எனக்கு வந்த கேட்பு ரூ.1,296. எல்லோருக்கும்தானே ஏறியிருக்கிறது என்று நினைத்து நானும் கட்டிவிட்டேன். 2022-23, 2023-24 ஆகிய இரண்டு ஆண்டுகளின் நான்கு அரையாண்டுகளுக்கும் சேர்த்து ரூ.5,184 கட்டியிருக்கிறேன். கட்ட வேண்டியது ரூ.3,888. கூடுதலாகப் போனது ரூ.1,296.

அப்புறம் நிலுவை. 2021-22 இரண்டாம் அரையாண்டு வரி ரூ.648-ஐ 24.01.2022 அன்று தங்கள் அலுவலகக் கவுன்டரில் நானே நின்று கட்டினேன். இன்று ஆன்லைனில் பார்த்தால் அதுவும் நடப்பு அரையாண்டும் சேர்த்து ரூ.1,944 பாக்கி என்று வருகிறது. அந்த ரசீதில் பழைய வரிவிதிப்பு எண் 4127 உள்ளது. எண் மாறியபோது அந்தத் தொகை புதிய எண்ணுக்கு வரவில்லை போலிருக்கிறது. ரசீதின் மை மங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தேதியும் தொகையும் எண்ணும் தெரிகின்றன. நல்லவேளையாக, மங்குவதற்கு முன்பே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் கொண்டு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன். அசலை மட்டும் என்னிடமே திருப்பித் தர வேண்டும். அது போனால் என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

கடந்த டிசம்பரில் கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னபோது, அளவை மாற்ற நேரில் ஆய்வு வேண்டும், மனுவாகக் கொடுங்கள் என்றார்கள். அதன்படியே இதை எழுதுகிறேன். என் மகளின் கல்விக் கடனுக்கு, நிலுவை இல்லாத வரி ரசீதை இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் வங்கி கேட்டிருக்கிறது. கட்டிய பணத்தையே பாக்கி என்று காட்டும் தாளை அங்கே நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வருவாய் ஆய்வாளரை அனுப்பி வீட்டை அளந்து, பதிவில் 860 சதுர அடி என்று திருத்தவும், 2022-23-ஆம் ஆண்டிலிருந்து அரையாண்டு வரியை ரூ.972 என மாற்றி அமைக்கவும் வேண்டுகிறேன். ரூ.648 நிலுவையை நீக்கி, கூடுதலாகக் கட்டிய ரூ.1,296-ல் நடப்பு அரையாண்டு வரி ரூ.972-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ரூ.324-ஐ அடுத்த அரையாண்டுக்கு வரவு வைத்தால் போதும். பணமாகத் திருப்பிக் கேட்கவில்லை. திருத்திய பிறகு அதற்கான உத்தரவு நகலும் வேண்டும்.

வீட்டிலேயே தைப்பதால் எந்த நாளும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை இருப்பேன். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தாலும் சரி, கதவு திறந்திருக்கும். இந்த மனுவைப் பெற்றதற்கு முத்திரையிட்ட ஒப்புகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. வளர்மதி

இணைப்பு (நகல்கள்):
1. 24.01.2022 ரசீது, ரூ.648 – பழைய எண் 4127
2. 18.10.2022, 09.02.2023, 20.06.2023, 21.11.2023 ரசீதுகள் – தலா ரூ.1,296
3. 2022 சீராய்வுக்கு முந்தைய ஓர் அரையாண்டு ரசீது, ரூ.648
4. அனுமதி பெற்ற கட்டட வரைபடம்
5. 2009 செட்டில்மென்ட் பத்திரம்
6. ஆன்லைன் நிலுவைப் பக்கத்தின் அச்சு, 05.07.2024 அன்று எடுத்தது