பரவிருமா?

இரவு 9 மணி. மதுரை அண்ணா நகர் வீட்டில் ஹெட்போனை மாட்டியிருந்தாள் மொழிபெயர்ப்பாளர் செல்வி. திரையில் ஒரு பக்கம் லண்டன் டாக்டர், மறுபக்கம் அங்கே மகள் வீட்டுக்குப் போயிருந்த உசிலம்பட்டி அம்மா.

மார்பிலுள்ள கட்டிக்கு பயாப்ஸி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். செல்விக்குச் சொல் வரவில்லை. ‘திசுப் பரிசோதனை’ பாடப்புத்தகத்தோடு சரி. ‘சதையை வெட்டி’ என்றால் அந்த அம்மா எழுந்தே போய்விடும். தானாக விளக்கம் சேர்ப்பதும் வேலை விதிக்கு ஆகாது. டாக்டரையே விளக்கச் சொல்லிக் கேட்டாள். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, மரத்துப்போக ஊசி போட்டுட்டு, இன்னொரு ஊசியால கட்டியில இருந்து துளியூண்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. கட்டியை இப்ப எடுக்கல.”

“அட, பயாப்ஸியா? எங்க மதினிக்கு பெரியாஸ்பத்திரியில எடுத்தாக. ஊசி பட்டா பரவிரும்பாகளே, நெசமா? அதக் கேளு தாயி.”

செல்வி அப்படியே கேட்டாள்.

“அந்தப் பயத்தால் தள்ளிப்போட வேண்டாம். என்ன கட்டி என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும்” என்றார் டாக்டர்.

“சரி, அப்ப எடுக்கச் சொல்லு. வலது கையில வேலை செய்யலாமா, அதையும் கேட்டுரு.”