பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டது குறித்த விளக்கமும் விடுபட்ட ஆவணங்களும்

அனுப்புநர்
ரா. தமிழ்ச்செல்வி,
14/3, அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்
சுங்கக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அஞ்சல் மதிப்பீட்டுப் பிரிவு,
வெளிநாட்டு அஞ்சல் அலுவலகம், சென்னை.

நாள்: 12-03-2024

பொருள்: அமெரிக்காவிலிருந்து வந்த பார்சல் CP417205636US – விளக்கம், விலைப்பட்டியல்கள், அடையாளச் சான்றுகள் அளித்தல்.

பார்வை: தங்கள் கடிதம், நாள் 04-03-2024.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பார்சலின் எடைக்கும் அதில் எழுதியுள்ள மதிப்புக்கும் பொருத்தமில்லை, விலைப்பட்டியல் இல்லை, பெறுபவர் பெயர் அடையாளச் சான்றோடு ஒத்துப்போகவில்லை என்று மூன்று காரணங்கள் அதில் சொல்லப்பட்டிருந்தன. மூன்றும் சரிதான். தவறு எங்கள் பக்கம். எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்சலில் இருப்பது ஒரு பிரெயில் தட்டச்சுக் கருவி. பெர்கின்ஸ் பிரெய்லர் என்பார்கள். புதியது, ஒன்றே ஒன்று. அதோடு பிரெயில் எழுதுவதற்கான கெட்டித் தாள் ஒரு கட்டும், சிலேட்டும் எழுத்தாணியும் இரண்டு செட்டும் உள்ளன. இவை என் மகள் கயல்விழிக்காக. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிறவியிலேயே இரண்டு கண்களிலும் பார்வை இல்லை.

வாங்கி அனுப்பியவள் மாசசூசெட்ஸில் இருக்கும் என் தங்கை வளர்மதி. கருவியை ஒரு கடையிலும், தாளையும் சிலேட்டையும் வேறொரு கடையிலும் வாங்கினாள். கருவி 815 டாலர். தாள் 38 டாலர், சிலேட்டு செட்டுகள் 26 டாலர், இரண்டும் சேர்த்து 64. அஞ்சலகத்தில் சிஎன் 23 படிவத்தை நிரப்பும்போது அவள் கையில் இருந்தது இரண்டாவது கடையின் ரசீது மட்டும். அதிலிருந்த 64 டாலரையே மொத்த மதிப்பு என்று எழுதிவிட்டாள். பொருள் விவரத்திலும் 'எழுதுபொருள்' என்று ஒரே சொல். 7.1 கிலோ எடையுள்ள பெட்டிக்கு இந்த விவரம் போதாது என்று தாங்கள் நிறுத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மதிப்பைக் குறைத்துக் காட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்பதற்கு ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அதே பார்சலுக்கு அதே கவுன்டரில் 880 டாலருக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாள். உண்மையான மொத்த மதிப்பு 879 டாலர். இரண்டு விலைப்பட்டியல்கள், அவள் வங்கி அட்டையில் பணம் கழிந்த பக்கம், காப்பீட்டு ரசீது, நடந்ததை விளக்கி அவள் கையெழுத்திட்டு அனுப்பிய கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தபால் செலவு 131 டாலர் 40 சென்ட். மதிப்பில் அதையும் சேர்க்க வேண்டுமானால் அந்த ரசீதும் இருக்கிறது.

படிவத்தில் 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறாள். எங்களுக்கு அது அன்பளிப்புதான், நான் அவளுக்குப் பணம் தரவில்லை. ஆனால் 2019 டிசம்பருக்குப் பிறகு ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் தவிர அன்பளிப்பு என்பதற்காக விலக்குக் கிடையாது என்று தெரிந்துகொண்டேன். அதனால் அந்தக் காரணத்தைச் சொல்லி எந்தச் சலுகையும் கேட்கவில்லை.

அடுத்து, பெயர். பார்சலின் மேல் 'செல்வி மு' என்று இருக்கிறது. ஆதாரில் 'தமிழ்ச்செல்வி ரா'. இரண்டும் நான்தான். வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது செல்வி. கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் முருகேசனின் 'மு'வை என் பெயரோடு சேர்த்து எழுதுவது தங்கையின் வழக்கம். ஆவணங்களில் நான் அப்பா ராஜேந்திரனின் 'ரா'வை மாற்றவேயில்லை. தமிழ்நாட்டில் பல பெண்களுக்கு இந்த இனிஷியல் குழப்பம் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இதைத் தெளிவுபடுத்த என் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வைத்துள்ளேன். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், கணவர் பெயர், பார்சலில் உள்ள இதே முகவரி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. ஆதார் நகலில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்திருக்கிறேன். முழு எண் தேவையென்றால் மூல அட்டையோடு நேரில் வருகிறேன்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் பரிசோதிக்க உதவும் என்று நினைக்கிறேன். ஸ்கேனில் பார்க்க விநோதமாகத்தான் தெரியும். முழுக்க உலோகம், ஏறக்குறைய ஐந்து கிலோ. எழுத்தடிக்க ஆறு விசைகள், நடுவில் இடைவெளிக்கு ஒன்று. எந்த விசையிலும் எழுத்து இருக்காது. பிரெயிலின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள். 'அ' என்றால் முதல் புள்ளியின் விசை மட்டும். 'க' என்றால் ஒன்றையும் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மின்சாரம், பேட்டரி, வயர்லெஸ் எதுவும் கிடையாது.

கயல்விழி இப்போது வீட்டில் சிலேட்டில்தான் எழுதுகிறாள். எழுத்தாணியால் வலமிருந்து இடமாக, எழுத்தைத் திருப்பிப் போட்டுக் குத்த வேண்டும். தாளைக் கழற்றித் திருப்பினால்தான் எழுதியதைத் தடவிப் படிக்க முடியும். ஒரு கணக்குப் போடுவதற்குள் நாலு தடவை கழற்றுகிறாள். மறுபடி மாட்டும்போது வரி பிசகினால் முதலிலிருந்து. பிரெய்லரில் அடித்த கையோடு விரலை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் ஒரு பிரெய்லர் இருக்கிறது, பதினொரு பிள்ளைகளுக்குப் பொது. ஏப்ரலில் அவளுக்கு ஆண்டுத் தேர்வு.

30-06-2017 நாளிட்ட 50/2017 எண் சுங்க அறிவிக்கையில், மாற்றுத்திறனாளிகளுக்கான சாதனங்களின் பட்டியலில் பிரெயில் எழுதுகருவிகளும் சிலேட்டும் எழுத்தாணியும் வருகின்றன. அந்தச் சலுகையை இந்தப் பார்சலுக்குப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அவள் என் மகள் என்பதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், தலைமையாசிரியர் கடிதம் மூன்றும் இணைப்பில் உள்ளன. தாளுக்கோ வேறு எதற்கோ தீர்வை உண்டென்றால், மொத்தத்தில் சலுகை பொருந்தாது என்றே தாங்கள் முடிவு செய்தாலும் சரி, தொகையைத் தெரிவித்தால் உடனே கட்டிவிடுகிறேன். இவை சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல என்ற உறுதிமொழியையும் கையெழுத்திட்டு வைத்துள்ளேன்.

இரண்டு வேண்டுகோள்கள். இந்த ஆவணங்களில் ஏதாவது குறை இருந்தால், பார்சலைத் திருப்பி அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள். என் கைபேசி எண் பார்சலின் மேல் ஒட்டிய சீட்டிலேயே இருக்கிறது. ஒரு தகவல் வந்தால் மறுநாள் காலை சென்னையில் இருப்பேன். அப்புறம், பெட்டியைத் திறந்து பார்க்கும்போது கருவியைச் சுற்றியுள்ள நுரைத் துண்டுகளை அதே இடத்தில் வைத்து மூடச் சொல்லுங்கள். விசைகளின் பக்கம் அடிபட்டால் திருச்சியில் பழுது பார்க்க ஆள் இல்லை.

இணைப்பு (எல்லா நகல்களிலும் என் சுய சான்றொப்பம் உள்ளது):
1. விலைப்பட்டியல்கள் – 2
2. வங்கி அட்டைக் கணக்குப் பக்கம், காப்பீட்டு ரசீது, தபால் ரசீது
3. அனுப்பியவரின் விளக்கக் கடிதம்
4. ஆதார் நகல், பாஸ்போர்ட் முதல், கடைசிப் பக்கங்கள்
5. மகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்
6. தலைமையாசிரியர் கடிதம்
7. சொந்த உபயோக உறுதிமொழி
8. தங்கள் கடிதத்தின் நகல்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரா. தமிழ்ச்செல்வி