அம்மா, அப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து படிங்க

போன்ல சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வாக்கியத்துலயே கேள்வி வந்துடும், சொல்ல வந்தது பாதியில நிக்கும். அதான் எழுதுறேன்.

நான் ஒருத்தரோட அஞ்சு மாசமா பழகிட்டிருக்கேன். பேர் கார்த்திக், வயசு 31, கட்டடப் பொறியாளர். ஒரு டேட்டிங் ஆப் மூலமாத்தான் பழக்கம். கல்யாணம்னு முடிவு பண்ணிட்டு உங்களுக்குத் தகவல் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இனிமே உங்களுக்குத் தெரியாம பழக வேணாம்னு தோணுது, அவ்வளவுதான்.

"ஃபிரெண்டோட ஃபிரெண்ட்"னு சொல்லிடலாமான்னு யோசிச்சேன். அந்த ஃபிரெண்ட் யாருன்னு அம்மா நீ கேப்ப. அவளையும் பொய் சொல்ல வைக்கணும், கார்த்திக்கையும் சொல்ல வைக்கணும், அவங்க வீட்டுலயும் அதே கதை ஓடணும். யாராவது ஒருத்தர் மாத்திச் சொன்னா எல்லாம் போச்சு.

அப்பா, ஆப்னா யாரு வேணா வந்து பேசுவாங்கன்னு நினைக்காதீங்க. நான் வச்சிருந்ததுல ரெண்டு பேருமே விருப்பம்னு அழுத்தினாத்தான் பேசவே முடியும். போட்டோ பக்கத்துல ஒரு டிக் இருக்கும். அதை நம்பி மட்டும் நான் போகல. அங்கயே எடுத்த செல்ஃபியும் போட்டோவும் ஒரே முகமான்னுதான் அது பாக்கும். வேலை உண்மையா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரான்னெல்லாம் அதுக்குத் தெரியாது.

அதனால நானே பாத்தேன். போட்டோவை நெட்ல போட்டுத் தேடினேன், வேற பேர்ல எங்கயும் இல்ல. ஒன்பதாவது நாள் வீடியோ கால் கேட்டேன், அன்னிக்கே வந்தார். ஏமாத்துறவங்க பெரும்பாலும் அங்கதான் கேமரா கெட்டுப்போச்சு, நெட் இல்லன்னு நழுவுவாங்க. ஆபீஸ் மெயில்லேருந்து ஒரு வரி அனுப்பச் சொன்னேன், சிரிச்சுட்டு அனுப்பினார். முதல் சந்திப்பு மூணு வாரம் கழிச்சு, பகல்ல, ஆளுங்க நிறைய இருக்கிற இடத்துல. நானா போனேன், நானா வந்தேன். திரும்பி வர்ற வரைக்கும் என் ரூம்மேட் போன்ல என் லைவ் லொகேஷன் ஓடிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் அவர் கூட்டாளிங்க ரெண்டு பேரையும் அவர் அக்காவையும் நேர்ல பாத்துட்டேன். பணம் அவரும் கேக்கல, நானும் குடுக்கல. இதெல்லாம் ஆள் போலியா இல்லையான்னு பாக்கத்தான் உதவும். குணம் எப்படின்னு போகப் போகத்தான் தெரியும், அதுல நான் அவசரப்படல.

பின்னால வேற யார் மூலமாவது தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு ஒண்ணை இப்பவே சொல்லிடுறேன். மூணு வருஷத்துக்கு முன்னால அவருக்கு நிச்சயமாகி நின்னுபோச்சு. ரெண்டாவது சந்திப்புலயே அவராவே சொன்னார். உங்ககிட்ட சொல்லட்டுமான்னு அவரைக் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஏன் நின்னுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது நிச்சயமான அந்தப் பொண்ணோட விஷயமும்தான்.

போட்டோ இப்ப அனுப்பல. அனுப்பினா நிறம், உயரம்னு பேச்சு அங்கயே போயிடும். முதல்ல பேசிடுவோம், அப்புறம் அனுப்புறேன். சம்பளம், அவங்க வீட்டு நிலவரமெல்லாம் அவர் வாயால வரட்டும். எங்க சாட்டைக் காட்டச் சொல்லாதீங்க, அது எப்பவும் முடியாது.

ஆப் இன்னும் இருக்கான்னு கேப்பீங்க. ரெண்டு பேருமே கணக்கை அழிச்சுட்டோம். போன்லேருந்து ஆப்பை எடுத்தா மட்டும் போதாது, உள்ள கணக்கு அப்படியே இருக்கும். அதனால செட்டிங்ஸ்ல போய்க் கணக்கை அழிச்சுட்டு, அப்புறம்தான் ஆப்பை எடுத்தோம்.

தம்பிக்கு ஒரு மாசமா தெரியும். அவனைத் திட்டாதீங்க, சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அம்மா, சித்திகிட்ட இப்போதைக்குச் சொல்லாத. சித்தி நல்லவங்கதான், ஆனா சாயங்காலத்துக்குள்ள ஃபேமிலி குரூப்ல வந்துடும். அங்க பதில் சொல்ற நிலைமையில நாம மூணு பேருமே இப்ப இல்ல.

இன்னிக்கே பதில் வேணாம். கோவம் இருந்தா இருக்கட்டும். கேக்க வேண்டியதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குக் கூப்பிடுறேன். வீடியோ கால் வேணாம்ப்பா. உங்க முகத்தைப் பாத்தா நான் அழுதுடுவேன், அப்புறம் எதுக்கும் ஒழுங்கா பதில் சொல்ல வராது.